‘சேர்ந்து’ என்ற சொல்லும் 6 லட்ச ரூபாயும்

“கடன் பத்திரத்தைப் போட்டோ எடுத்து சாட்பாட்டில் போடுங்க சார், எளிய தமிழில் சொல்லிடும்” என்று ஆளாளுக்கு வாட்ஸப்பில் அறிவுரை. சொல்லும்தான். எளிமையாகச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு. பாடப்புத்தகத்தைத் திறக்காமல் நோட்ஸை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளை முப்பது வருஷம் பார்த்தவன் நான்.

என் அக்கா மகன், நண்பனின் 6 லட்ச ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட இருந்தான். ஜாமீன்தாரர்கள் இரண்டு பேர். பத்திரம் முழுக்க ஆங்கிலம். சாட்பாட் தந்த தமிழில், கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் ‘ஜாமீன்தாரர்கள் இருவரும் சேர்ந்து கட்ட வேண்டும்’ என்றிருந்தது. “பாதிதானே மாமா, 3 லட்சம்” என்றான்.

மூலத்தில் இருந்தது ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’. கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று அர்த்தம். எளிமை என்ற பெயரில் ‘தனித்தனியாக’ காணாமல் போய்விட்டது. ஆளுக்குப் பாதி என்ற தனித்தனி அல்ல அது; ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. 6 லட்சத்தையும் வட்டியையும் வங்கி இவன் ஒருவனிடமே கேட்கலாம். கடன் வாங்கியவனை முதலில் துரத்திவிட்டுத்தான் இவனிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவு: பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. கட்டிய பிறகு இன்னொரு ஜாமீன்தாரரிடம் பங்கு கேட்கலாம். வாங்குவது அவரவர் சாமர்த்தியம்!

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். ஆதார் எண், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு மறுபடி போட்டோம். ஒவ்வொரு ஷரத்துக்கும் எண், அதன் ஆங்கில வாக்கியம் அப்படியே, கீழே தமிழ். சட்டச் சொல்லைச் சுருக்காமல் தனியே விளக்கம் என்று கேட்டோம். அப்போதுதான் தெரிந்தது, பத்திரத்தில் 27 ஷரத்து, முதல் விளக்கத்தில் வந்தவை 19. பிறகு புதிதாக ஒரு உரையாடல் திறந்து, ‘கடன்காரர் ஒரு தவணையும் கட்டவில்லை, இன்னொரு ஜாமீன்தாரரும் கைவிரித்துவிட்டார், என்னிடம் அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம், எந்த ஷரத்துப்படி?’ என்று கேட்டோம். 6 லட்சமும் வட்டியும் என்று வந்தது. அது காட்டிய ஷரத்தைக் காகிதத்தில் விரல் வைத்து வாசித்த பிறகுதான் நம்பினோம்.

என் கோபம் வங்கியின் மேலும்தான். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், விளக்கவும் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தமிழில் அச்சடிக்க முடிகிறவர்களுக்கு, ஜாமீன் பத்திரத்தைத் தமிழில் தர மட்டும் கை வலிக்கிறதா?

பையன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தன் பொறுப்புக்கு 3 லட்சம் என்று உச்சவரம்பு வைத்துப் பத்திரத்திலேயே எழுதித் தரும்படி மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறான்.