கணக்கில் வராதவர்கள்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையம் உள்ளது. மாலையில் அங்கே கடைவிளக்குகள் எரியும்போது, அவ்வொளியில் நெய்வேலிக்கும் ஒரு பங்கு உண்டு. 1956 இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் அனல்மின் நிலையங்கள் தென்மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் மின்சாரம் அளித்து வருகின்றன. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்தவர்களோ கடலூர் மாவட்டத்துக் கிராமத்தார். பயன் ஓர் ஆட்சிப்பகுதிக்கும் இழப்பு மற்றோர் ஆட்சிப்பகுதிக்கும் செல்லும்போது, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பவர் யார் என்னும் வினா எழுகிறது.

சுரங்கத்தை ஆதரிப்போரின் வாதம் வலுவானது. பழுப்பு நிலக்கரி பூமியில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோண்ட முடியும். ஆலையைப் போல வேறிடம் தேட இயலாது. ஒவ்வொரு நிலவுடைமையாளருக்கும் தடுக்கும் உரிமை தந்தால் ஒருவரின் மறுப்பே பலருடைய விளக்கை அணைத்துவிடும். இலட்சக்கணக்கான வீடுகளின் பயனையும் சில ஆயிரம் குடும்பங்களின் இழப்பையும் ஒப்பிட்டால் எது பெரிதென்பதில் ஐயமில்லை என்பர். ஆனால் அந்த இழப்பு எவ்வாறு கூட்டப்பட்டது என்பதை அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

நிலம் எடுப்பதற்கான 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலத்தின் சந்தை மதிப்பு, ஊர்ப்புறமாயின் ஒன்று முதல் இரண்டு வரையிலான ஒரு காரணியால் பெருக்கப்படும். அத்தொகைக்கு நிகரான மற்றொரு தொகை ஆறுதல் தொகையாகச் சேர்க்கப்படும். பதிவான விலை ஏக்கருக்கு 4 இலட்சம் ரூபாய் என்றும் காரணி 1.25 என்றும் வைத்துக்கொள்வோம். 5 இலட்சமாகி, ஆறுதல் தொகையுடன் 10 இலட்சமாகிறது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் எழுதும் விலை உண்மை விலையினும் குறைவாக இருப்பது ஊரறிந்த செய்தி. திட்டம் அறிவிக்கப்பட்டதும் பக்கத்து ஊர்களில் நிலவிலை ஏறத் தொடங்கும். ஆகவே ஓர் ஏக்கரை விட்டவர் அப்பணத்தில் மற்றோர் ஏக்கரை வாங்க முடியாமற் போகலாம்.

நிலம் உடையவருக்கே இந்நிலை என்றால், அந்நிலத்தில் நாற்று நட்டும் களையெடுத்தும் வாழ்ந்த கூலித்தொழிலாளியின் நிலை என்ன? சட்டம் அவரை மறக்கவில்லை. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்து வாழ்ந்த குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்கிறது. வேலையோ, ஒருமுறை 5 இலட்சம் ரூபாயோ, மாதம் 2,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளோ தரவேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவர் அங்கே உழைத்ததற்குச் சான்று எது? பட்டா நிலத்துக்காரரின் பெயரில் இருக்கிறது. அடங்கலில் பயிரின் பெயர் இருக்கிறது. கூலிக்காரரின் பெயர் எதிலும் இல்லை. அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு என்னும் படி வைக்கப்பட்டது. ஊரில் அமர்ந்து, யார் யார் எதனால் பிழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் பணி அது. தமிழ்நாடோ தொழில்துறைக்காக நிலம் எடுக்கும் தன் சட்டத்தை அந்தப் படியிலிருந்து விலக்கிக்கொண்டது. அவ்விலக்கு செல்லும் என்று 2021 இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இழப்பீட்டு விதி நிலைத்தது. யாருக்கு இழப்பு என்று முன்கூட்டியே அறியும் வழி அகன்றது.

2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் நடந்தது இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. திறந்தவெளிச் சுரங்கத்துக்குள் ஆற்றுநீர் புகுந்தால் பணி நின்றுவிடும். ஆதலால் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் தோண்டப்பட்டது. நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டவை. சட்டப்படி உரிமை நிறுவனத்தினுடையது. எனினும் உழவர்கள் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். கதிர் முற்றாத நெற்பயிரின் மீது மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. மழைக்காலத்திற்குள் கால்வாய் முடியாவிட்டால் மின் உற்பத்தி பாதிக்கப்படும் என்றது நிறுவனம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரவும், மீதமுள்ள பயிரை அறுவடை செய்தபின் உழவர்கள் நிலத்தை ஒப்படைக்கவும் நீதிமன்றம் கூறியது.

நிறுவனத்தின் அவசரம் பொய்யன்று. ஆனால் எடுத்த நிலத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டு, பயிர் நிற்கும் வேளையில் விரைவதற்கு உழவர் எவ்வாறு பொறுப்பாவார்? அந்த வயல்களில் அறுவடைக் கூலியை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, ஏக்கர்க் கணக்கில் தரப்படும் தொகையில் பங்கு கேட்க எந்த ஆவணமும் இல்லை.

சுரங்கமே கூடாது என்று சொல்ல இவை போதா. பலரின் பயன் ஒருவரை வேறிடம் செல்லும்படி கேட்பதற்குக் காரணமாகலாம். அவரை முன்னிலும் ஏழையாக்குவதற்குக் காரணமாகாது. இடம்பெயர்வோரின் செலவைத் திட்டச் செலவுக்குள் சேர்த்தால் ஓர் அலகு மின்சாரத்தின் விலை சற்று உயரும். அந்த உயர்வை ரெட்டியார்பாளையத்துக் கடைக்காரரும் தம் மின்கட்டணத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். இப்பொழுது அந்த வேறுபாட்டை வளையமாதேவியின் கூலிக்காரர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.