சேதாரம் என்னும் சொல்

நகை செலவன்று, சேமிப்பு என்று நம் வீடுகள் தலைமுறைகளாகச் சொல்லிவருகின்றன. தங்கத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை; நகையைப் பொறுத்தவரை பாதிதான் உண்மை. இவ்வேறுபாட்டை மறைப்பது ரசீதில் இருக்கும் ஒரே சொல்: சேதாரம்.

ஒரு கணக்கு. கிராம் விலை பத்தாயிரம் என்று கொள்வோம். ஒரு பவுன் சங்கிலியில் உள்ள எட்டு கிராம் தங்கத்தின் விலை 80,000 ரூபாய். சேதாரம் 12 விழுக்காடு, அதாவது 9,600. மொத்தத்தின் மீது 3 விழுக்காடு ஜிஎஸ்டி 2,688. வாங்குபவர் தருவது 92,288. மறுநாளே விற்கப் போனால் எட்டு கிராமுக்கு மட்டுமே விலை. உருக்குக் கழிவென்று இரண்டு விழுக்காடு பிடித்தால் கையில் வருவது 78,400. போட்ட பணம் திரும்பவே கிராம் விலை ஏறத்தாழ 11,770 ஆக வேண்டும்.

அந்த 9,600 ரூபாய்க்கான தங்கம் எங்கே சேதமாயிற்று? கையால் அராவி, இழைத்துச் செய்த காலத்தில் துகள் சிந்தியது மெய். ஆனால் பட்டறைத் தூசியைக் கூட்டி, உருக்கிப் பொன்னை மீட்பதும் அன்றே இருந்த வழக்கம். இன்று இயந்திரத்தில் பின்னப்படும் சங்கிலிக்கும் அதே சொல் நிற்கிறது. உண்மையில் அது கூலியும் இலாபமும். அப்படிப் பெயரிட்டால் வாங்குபவர் பேரம் பேசுவார். ‘சேதம்’ என்றால் இயற்கை இழப்பென எண்ணி அடங்கிவிடுகிறார். பழைய நகையைக் கழிவின்றி எடுத்துக்கொள்கிறோம் என்னும் சலுகையும் இவ்வகைதான்: மாற்றும் புதுநகைக்கு மீண்டும் சேதாரம் உண்டு.

தூய்மை பற்றிய பழைய அச்சம் குறைந்திருப்பது நன்மையே. 916 முத்திரையுடன் வரும் ஆறிலக்க எண்ணெழுத்துக் குறியீட்டை BIS Care செயலியில் இட்டுப் பார்க்கலாம். ஆனால் முத்திரை மாற்றுக்குத்தான் சாட்சி, விலைக்கன்று. கல் பதித்த நகையில் கல்லின் எடை கழிக்கப்பட்டதா என்பதையும் தனியே கேட்க வேண்டும்.

பாதுகாப்பென்று வங்கிப் பெட்டகத்தை நம்புவோர் ஒன்றை அறிவதில்லை. தீ, திருட்டு முதலியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்குதான். வாடகை 2,000 என்றால் ஈடு இரண்டு இலட்சம். உள்ளே முப்பது பவுன் இருந்தாலும் அவ்வளவே.

விலையேற்றம் மட்டுமே நோக்கமென்றால், பங்குச்சந்தையில் அலகுகளாகக் கிடைக்கும் தங்க ஈடிஎஃப் போதும்: சேதாரமில்லை, பெட்டகமில்லை, சிறிய ஆண்டுக் கட்டணம் உண்டு. அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பின் புதிதாக வெளியிடப்படவில்லை. பழையவை சந்தையில் கைமாறுகின்றன. நாணயத்தில் கூலி குறைவு. ஆனால் வங்கி விற்கும் நாணயத்தை வங்கியே திரும்ப வாங்குவதில்லை.

நகைக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. மருத்துவச் செலவு திடீரென்று வந்தால் வளையலை ஒரு மணி நேரத்தில் அடகு வைக்கலாம். ஈடிஎஃப் அலகை நகைக்கடன் முகப்பு ஏற்காது. கணவரின் கையெழுத்தின்றிப் பெண்ணொருத்தி ஆளக்கூடிய சொத்தாகவும் பல வீடுகளில் அது ஒன்றே இருக்கிறது. அதற்காக நாலைந்து பவுன் வைத்திருப்பது தகும். மகளின் கல்லூரிக்கென்று ஆண்டுதோறும் ஒரு சங்கிலி வாங்குவோர், ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாயிரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.