அமைதி என்று எழுதாமல் அமைதியைச் சொல்வது

அந்தமானின் மாயாபந்தர் போன்ற ஒரு சிற்றூரில், கடலை நோக்கிய தம் வீட்டை யோகப் பயிற்சியும் தங்குமிடமும் சேர்ந்த மையமாக மாற்ற ஒரு குடும்பம் முனைவதாகக் கொள்வோம். கட்டடத்துக்கும் படுக்கைக்கும் கணக்குப் போட்டவர்கள், பெயரை ஒரே மாலையில் முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் அது ‘சாந்தி’, ‘நிர்வாணா’, ‘பேரமைதி’ ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். இத்தகைய பெயரைத் தவிர்ப்பதே நன்று என்பது எமது கருத்து.

இதற்குக் காரணம் இரசனை மட்டுமன்று. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சேவையின் தன்மையை மட்டுமே விவரிக்கும் சொற்கள் பொதுவாகப் பதிவு பெறுவதில்லை. தியான மையத்துக்கு ‘அமைதி’ என்பது அத்தகைய சொல்லே. நாளை அடுத்த தெருவில் இன்னொரு ‘அமைதி’ திறந்தால் அதைத் தடுப்பது எளிதாக இராது. ஊர்ப்பெயரை நம்புவதற்கும் இதே தடை உண்டு. மேலும், ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவாகவும், போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரமாகவும் மாறியதைத் தீவு வாசகர்கள் அறிவார்கள். பழைய பெயரைப் பலகையில் பொறித்தவர்கள் இன்று விளக்கம் சொல்ல வேண்டியுள்ளது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? அந்த இடத்தில் உண்மையாகவே கிடைக்கும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தது. அந்தமானோ ஏறத்தாழ 93 பாகையில் உள்ளது. ஆகவே சூரியன் அங்கே கடிகாரத்தை முந்திக்கொண்டு, ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்னதாகவே உதித்து மறைகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். பெருநகரிலிருந்து வருபவருக்கு அந்த நீண்ட முன்னிரவே பெரும் ஓய்வு. எனவே ‘அந்தி’ என்னும் பெயர் நம் குடும்பத்துக்கு உடனே பிடித்துப்போகும்.

ஆனால் தீவுகளின் பொதுமொழி இந்தி. ஆங்கில எழுத்தில் Andhi என்று எழுதினால், இந்தி அறிந்தவர் அதைப் புயற்காற்று என்றோ பார்வையற்ற பெண் என்றோ படிப்பார். அமைதியைத் தேடி வருபவரைப் புயல் வரவேற்பதாகிவிடும். சரி, வீட்டின் நடுவிலுள்ள ‘முற்றம்’ என்று வைப்போமா? Mutram என்று எழுதியதும் அது சிறுநீரைக் குறிக்கும் வடசொல்லாக ஒலிக்கும். ‘நிழல்’ என்றால் ழகரம் வங்காளி விருந்தினரின் நாவில் எப்படியெல்லாமோ மாறும். தொலைபேசியில் ஒருமுறை கேட்டவர் அதை இணையத்தில் எழுதித் தேடவும் இயலாது.

ஆகவே, எம்மிடம் கேட்டால், ‘படாக் திண்ணை’ என்ற பெயரை முன்வைப்போம். படாக் அந்தமானின் மரம். அங்கு வாழும் தமிழர், வங்காளியர், இந்தி பேசுவோர் அனைவரும் அதை அப்பெயராலேயே அறிவர். திண்ணை, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்கென்றே நம் முன்னோர் கட்டிய இடம். இரண்டும் சேர்ந்து அமைதி என்ற சொல்லே இல்லாமல் அமைதியைச் சொல்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அங்கே ஒரு படாக் மரமும் உட்காரத் திண்ணையும் இருந்தாக வேண்டும். பெயர் கூறுவதை விருந்தினர் வந்து இறங்கியதும் தேடுவார். காணாவிட்டால் ஏமாற்றம் அங்கேயே தொடங்கும்.

பெயர் தேர்ந்ததும் பலகை எழுதக் கொடுக்க வேண்டா. முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு பேசும் மூவரிடம் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் வணிகக் குறிப் பதிவகத்தின் பொதுத் தேடலில், எழுத்தொப்புமையோடு ஒலியொப்புமையையும் பாருங்கள். யோகப் பயிற்சி 41ஆம் வகுப்பிலும் தங்குமிடம் 43ஆம் வகுப்பிலும் அடங்கும். இரண்டிலும் தேட வேண்டும். தனிநபரோ சிறுதொழில் நிறுவனமோ இணையவழி விண்ணப்பித்தால், கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும், பின் புதுப்பிக்கலாம்.

இவையெல்லாம் முடிந்த பிறகே அப்பெயரில் நடப்புக் கணக்கைத் தொடங்குவது நலம். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும். பணம் செலுத்தும் விருந்தினரின் கைப்பேசித் திரையில், பலகையில் கண்ட அதே பெயர் தோன்றினால் அவர் தயங்காமல் அனுப்புவார்.