324 எங்கே, 294 எங்கே?

மெல்பேர்னில் இருக்கும் என் சித்தியின் மகள் போன மாதம் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்று அவளுடைய பே ஸ்லிப், மற்றது பாங்க் ஆப். கீழே ஒரே வரி: "அக்கா, 400 என்று சொன்னார்கள், 294 தான் வந்திருக்கு. டாக்ஸ் இவ்வளவா?"

அவள் வேலை செய்வது டான்டினாங் பக்கம் ஒரு தமிழ்க் கடையில். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பட்டது, இங்கே இரண்டு கதைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று. நம்மில் பலர் அந்த இரண்டையும் "டாக்ஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அது பிழை என்பதுதான் என் கட்சி.

பே ஸ்லிப்பில் மேலே 'கிராஸ்' 400 டாலர். டாக்ஸ் 76. 'நெட்' 324. இன்னொரு மூலையில் சூப்பர் 48. இதில் சூப்பர், 400இலிருந்து கழித்தது இல்லை. அது முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் மேலதிகமாக சூப்பர் ஃபண்டுக்குக் கட்டுவது. உங்கள் வங்கிக் கணக்குக்கு அது வராது. (18 வயதுக்குக் கீழே என்றால், வாரத்துக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால்தான் சூப்பர் உண்டு.)

முதல் கதை அந்த 76. வாரம் 400 டாலர் என்றால் வழக்கமாக 10 டாலருக்கும் குறைவாகத்தான் பிடிப்பார்கள். ஏனென்றால் வருடத்தில் முதல் 18,200 டாலருக்கு வரி இல்லை. ஆனால் அந்தச் சலுகையை ஒரு நேரத்தில் ஒரு வேலையில்தான் கேட்கலாம். இவள் கடையில் சேரும்போது வேறொரு இடத்திலும் பகுதிநேரமாக இருந்தாள். அதனால் டாக்ஸ் ஃபைல் நம்பர் படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தாள். அப்போது அது சரியான பதில். பிறகு முதல் வேலையை விட்டுவிட்டாள், படிவம் மட்டும் பழையபடியே இருந்தது. புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தால் அடுத்த சம்பளத்திலிருந்து சரியாகிவிடும். இதுவரை கூடப் பிடித்த காசு, ஜூலைக்குப் பிறகு டாக்ஸ் ரிட்டர்ன் போடும்போது திரும்பி வரும். இதற்காக நித்திரை இழக்க வேண்டாம்.

இரண்டாவது கதைதான் எனக்குக் கோபம் வரவைத்தது. பாங்கில் வருகிற தொகை 'நெட்' தொகையோடு சதம் பிசகாமல் பொருந்த வேண்டும். ஸ்லிப் சொன்னது 324, வந்தது 294. 30 டாலர் எங்கே? சிலர் சம்பளத்தை இரண்டு கணக்குகளுக்குப் பிரித்துப் போடச் சொல்லியிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். இவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு விசாரித்தால், ஒரு சனிக்கிழமை கல்லாவில் 30 டாலர் குறைந்ததாம். "அங்கிள் தெரிந்தவர் அக்கா, எப்படிக் கேட்கிறது?"

அங்கிள் தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் இங்கே சட்டப்படி, வேலை செய்பவர் எழுத்தில் சம்மதிக்காமல், அதுவும் பெரும்பாலும் அவருடைய நன்மைக்காக இல்லாமல், சம்பளத்தில் இப்படிக் கழிக்க முடியாது. கல்லாக் குறை அவளுடைய நன்மையா? 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். எது கழித்தாலும் அது ஸ்லிப்பில் தெரிய வேண்டும். இந்த 30 ஸ்லிப்பிலேயே இல்லை. ஆகவே எந்த டாக்ஸ் ரிட்டர்னிலும் அது திரும்பி வராது. கேட்டால்தான் வரும்.

பொருந்தினாலும் எல்லாம் சரி என்று இல்லை. 2015இல் வெளியே வந்த செவன் இலெவன் விவகாரத்தில், சில கடைக்காரர்கள் சரியான சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியைக் காசாகத் திருப்பி வாங்கினார்கள். மாட்டிக்கொண்டவர்களில் பலர் வெளிநாட்டு மாணவர்கள். ஸ்லிப்பும் பாங்கும் பார்க்க அழகாக இருந்திருக்கும். 2017இல் அப்படித் திருப்பிக் கேட்பதைத் தடுக்கச் சட்டத்தை இறுக்கினார்கள்.

நானும் அவளும் சேர்ந்து ஒரு மெசேஜ் எழுதினோம். சண்டை இல்லை, மூன்று வசனம்: "அங்கிள், ஸ்லிப்பில் நெட் 324 என்று இருக்கு. எக்கவுண்டுக்கு 294 வந்திருக்கு. மிச்சம் 30 எதற்கு என்று சொல்வீர்களா?" எழுத்தில் கேட்டது வேண்டுமென்றேதான். பதில் வராவிட்டால் ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மனுக்கு 13 13 94இல் அழைக்கும்போது, இரண்டு படங்களும் அந்த மெசேஜும் கையில் இருக்கும். 6 வருடம் வரை பழைய சம்பளத்தையும் கேட்கலாம்.

அழைக்கத் தேவைப்படவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை, அவள் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பாங்க் ஆப்பில் 30 டாலர் தனியாக வந்து விழுந்தது. அங்கிள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் இன்னும் அதே கடையில்தான் வேலை செய்கிறாள்.