விளக்கைத் திருப்பிப் பார்த்தீர்களா?

மாணவர்களே, சென்ற பள்ளி விடுமுறையில் என் மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். இரண்டடி உயரக் குத்துவிளக்கு. உச்சியில் அன்னம், நடுவில் ஐந்து முகத் தட்டு, கீழே அகன்ற பாதம். “சார், கொள்ளுப்பாட்டி காலத்து விளக்கு. வாங்க ஒருவர் கேட்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு நூறு வருடப் பழமை என்கிறார். எவ்வளவு போகும்?” என்று கேட்டிருந்தார்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரும் விலை சொல்லக்கூடாது என்பது என் கருத்து. வாங்க வந்தவரும் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு சில படங்களை வைத்து நிறையச் சொல்லலாம். என்ன வேறுபாடு என்று பாருங்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோவில் என்ற ஊர் இருக்கிறது. குத்துவிளக்குக்குப் பெயர் பெற்ற ஊர். அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காவிரிக் கரையின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை அதில் ஊற்றி, பிறகு கடைசல் பிடித்து வழவழப்பாக்குவார்கள். பாதம், தண்டு, தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து மரை வைத்துத் திருகி இணைப்பார்கள். உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பு எந்த வடிவத்தில் செய்தார்களோ, ஏறக்குறைய அதே வடிவத்தில் இன்றும் செய்கிறார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாக் கடையில் நேற்று வந்து இறங்கிய விளக்கும் அதே அன்னத்தோடு, அதே ஐந்து முகத்தோடு நிற்கும். அதனால் முன்பக்கம் எடுத்த ஒரு படம் “இது குத்துவிளக்கு” என்று மட்டுமே சொல்லும். இணையத்தில் அதே போன்ற விளக்குப் படம் ஒன்று கிடைத்து, அதற்குக் கீழே “பழமையானது” என்று எழுதியிருந்தால் உங்கள் விளக்கும் பழமையானது ஆகிவிடாது. மாறாத வடிவத்தைக் கொண்டு வயதைக் கணக்கிட முடியாது.

நிறமும் ஏமாற்றும். கறுத்துப் பச்சை பூத்த விளக்கைப் பார்த்ததும் பழையது என்று நினைப்போம். யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் விளக்கை என்ன செய்கிறோம்? வெள்ளிக்கிழமைக்கு முன்பு புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடும். பல ஆண்டுகள் வீட்டில் ஏற்றிய விளக்கு, கை படும் இடங்களில் பளிச்சென்றும் தேய்ந்தும் இருக்கும். கை நுழையாத இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். தட்டின் உட்புறத்தில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அடிக்கடி திரி போட்ட முகத்தில் மட்டும் கரி கூடுதலாக இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கறுத்த விளக்கு என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அம்மோனியா ஆவியில் வைத்தால் புதுப் பித்தளையும் சில நாட்களில் கிழடு தட்டிவிடும்.

அதனால் அந்த மாணவரிடம் புளியைத் தொடாதே என்று முதலில் சொன்னேன். பிறகு வேறு படங்கள் கேட்டேன். விளக்கின் பாதி உயரத்துக்குக் கைப்பேசியை இறக்கி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். கிட்டே நின்று மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துப் பாதம் சிறுத்துத் தெரியும். அளவே தவறிவிடும். அடுத்து, விளக்கைக் கவிழ்த்துப் பாதத்தின் அடிப்பக்கம். கழற்றிய மரைகள். தட்டின் உட்புறம். எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். கடைசியாக, அறையை இருட்டாக்கி, கைவிளக்கின் ஒளியைப் பாதத்தின் விளிம்பின் மேல் பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்து சுற்றிலும் சில படங்கள்.

கடைசிப் படங்களில்தான் விஷயம் கிடைத்தது. நேர் வெளிச்சம் சின்னப் பள்ளங்களை நிரப்பி மறைத்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளமும் நிழல் கொள்ளும். பின்பக்க விளிம்பில், பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல, புள்ளி புள்ளியாக எழுத்துகள். ஒரு பெயர், பிறகு “பினாங்கு”, “உபயம்”, அதன் பின் “ரக்தாட்சி”, பக்கத்தில் ௵ என்ற குறி. அது வருடம் என்பதற்கான பழைய குறி.

ரக்தாட்சி என்பது தமிழ் ஆண்டுகள் 60-இல் ஒன்று. 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1924 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டும் ரக்தாட்சி, 1984 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டும் ரக்தாட்சி. எது?

இங்கே “பினாங்கு” என்ற சொல் கைகொடுத்தது. அதில் ‘னா’ இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியின் பழைய புத்தகங்களைப் புரட்டினால் ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனிக் கால் இல்லாமல் எழுத்தே கீழே சுழிந்து நிற்பதைக் காணலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருக்கும். இப்படி 13 எழுத்துகளை 1978-இல் தமிழக அரசு மாற்றியது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். நம் விளக்கில் இருந்தது பழைய, சுழித்த ‘னா’.

அப்படியானால் 1924 என்று முடித்துவிடலாமா? முடியாது. 1984-இல் வயதான ஒருவர் பழைய பழக்கத்தில் சுழித்து வெட்டியிருக்கலாம். 1924 என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லலாம். இதையே திருப்பிப் பாருங்கள். விளக்கில் இன்றைய ‘னா’ இருந்து, விற்பவர் “நூறு வருடம்” என்றிருந்தால், அந்தப் பேச்சு அங்கேயே விழுந்திருக்கும். 1924-இல் ஒரு கன்னார் அந்த எழுத்தை வெட்டியிருக்க மாட்டார். படத்தில் தெரியும் தடயம் ஒரு கூற்றை மெய்ப்பிப்பதைவிடப் பொய்ப்பிப்பதில்தான் வலிமையானது. வயதைச் சொல்கிறவரிடம் “எப்படித் தெரியும்?” என்று கேட்பதோடு, “என்ன தெரிந்திருந்தால் நீங்கள் சொல்வது தவறாகியிருக்கும்?” என்றும் கேளுங்கள்.

எழுத்து பாதத்தின் கதையை மட்டும்தான் சொன்னது. கழற்றிச் சேர்க்கும் பொருளில் எல்லாப் பாகமும் ஒரே காலத்தவை என்று எப்படி நம்புவது? உச்சி அன்னத்தின் மஞ்சள் சற்று வெளிறியிருந்தது. அதன் மரையும் பிடிப்பில்லாமல் ஆடியது. படம் இதற்கு மேல் உதவாது. எடை போட வேண்டும்.

படிவம் ஒன்றில் படித்த அடர்த்தி நினைவிருக்கிறதா? சமையலறைத் தராசு, ஒரு சிறு வாளித் தண்ணீர், நூல் போதும். பாகத்தை முதலில் காய்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் வாளியைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். பாகத்தை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் அளவு, அந்தப் பாகம் விலக்கிய தண்ணீரின் அளவு. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே பாகத்தின் கன அளவு. குழிவான பாதத்துக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். சாய்த்து வெளியேற்றாவிட்டால் கணக்கு தப்பும்.

பாதம் 1,260 கிராம். தண்ணீரில் தொங்கியபோது தராசு 150 காட்டியது. வகுத்தால் 8.4. பித்தளை பொதுவாக 8.4 முதல் 8.7 வரை இருக்கும், பொருந்துகிறது. தண்டும் தட்டும் அப்படியே. அன்னம் 268 கிராம், தராசு காட்டியது 40. வகுத்தால் 6.7. தராசு ஒரு கிராம் தவறியிருந்தாலும் 6.5-க்கும் 6.9-க்கும் இடையில்தான் வரும். பித்தளை அல்ல. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பும் அல்ல. உள்ளே வெற்றிடம் அடைபட்டிருந்தாலும் எண் இப்படிக் குறையும் என்பதால், மரைக்கு உள்ளே யாருக்கும் தெரியாத இடத்தில் ஊசியால் லேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னேன். மஞ்சளுக்குக் கீழே சாம்பல் வெள்ளை. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே மஞ்சள் பூச்சுப் பூசிய அன்னம் அது. பழையது எப்போதோ தொலைந்து, யாரோ புதியதை வாங்கித் திருகியிருக்கிறார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். 8.4 என்பது உலோகத்தைத்தான் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. நேற்று வார்த்த பித்தளையும் 8.4-தான்.

இனி விலைக்கு வருவோம். எந்தப் பித்தளைப் பொருளுக்கும் அடிமட்ட விலை அதன் எடை. பழைய உலோகம் வாங்குபவர் கிலோவுக்குத் தருவது அது. அதற்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் நாம் கண்டுபிடித்ததைப் பொறுத்தது. மாற்றிய அன்னத்தால் சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். ஊரும் ஆண்டும் வெட்டிய பாதத்துக்காகக் கூட்டுவார், அதுவும் பினாங்குக்காரர் என்றால் கூடுதலாக. இணையத்தில் விலை தேடும்போது விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்பதற்கு யாரும் எதையும் கேட்கலாம்.

லோரோங் கூலிட் சந்தையில் காலையில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. “காரைக்குடியிலிருந்து போன மாதம் வந்த நூறு வருட விளக்கு” என்று யாராவது, எங்காவது சொன்னால், வயது பொய்யாக இருக்க வேண்டும், இல்லையேல் வந்த வழி தவறாக இருக்க வேண்டும்.

நம் மாணவரின் விளக்கில் எனக்கு விலையைவிடப் பெரிதாகப் பட்டது “உபயம்” என்ற சொல். வீட்டுக்காக வாங்கிய விளக்கில் அப்படி வெட்ட மாட்டார்கள். கோயிலுக்குக் கொடுத்த பொருளில்தான் வெட்டுவார்கள். அது எப்படி அந்த வீட்டுக்கு வந்தது? திருப்பணியின்போது பழைய சாமான்களைக் கோயிலே ஏலம் விட்டிருக்கலாம். யாராவது பாதுகாக்கக் கொடுத்துவைத்து மறந்திருக்கலாம். வேறு விதமாகவும் இருக்கலாம். இது தெரியாமல் நல்ல சேகரிப்பாளர் எவரும் தொடமாட்டார், தொடவும் கூடாது. மாணவர் தம் பாட்டியிடம் கேட்டார். பாட்டிக்கு விளக்கு நினைவிருக்கிறது, வந்த கதை நினைவில்லை. விளிம்பில் உள்ள பெயரை எழுதி எடுத்துக்கொண்டு, குடும்பம் முன்பு போய்வந்த கோயிலின் நிர்வாகத்திடம் விசாரிக்கப் போகிறார். அதுவரை விற்பதில்லை என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்னத்தை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.