எபிசோட் பங்கு வைக்கிறது கடைசி வேலை

போன லீவுல நாங்க ஆறு பேர் சேர்ந்து ஆறு எபிசோட் வெப் சீரிஸ் ஒன்று எழுத வெளிக்கிட்டோம். மருதமுனையில ஒரு தறிக் குடும்பத்தின் கதை. முதல் நாளே ஆளுக்கொரு எபிசோட் என்று பிரிச்சு வீட்டுக்குக் கொண்டு போனோம். திரும்ப வந்து வாசிச்சா, இரண்டாவதுல வாப்பா தறியை வித்துட்டார், நாலாவதுல அதே தறியில இருந்து சாரம் நெய்றார். "என்ன காக்கா, திரும்ப வாங்கிட்டாரா?" என்று ஒருத்தன் கேட்டான். சிரிச்சோம், ஆனா ஒரு மாச உழைப்பு வீணாப் போச்சு.

பிழை எங்க எழுத்தில இல்ல, வேலையின் வரிசையில என்றுதான் நான் சொல்லுவன். 'பிரேக்கிங் பேட்' கடைசி எட்டு எபிசோடை எடுத்துப் பாருங்க (பார்க்காதவங்க இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்க). எழுதினவங்க ஏழு பேர். ஜோர்ஜ் மாஸ்ட்ராஸ் எழுதின எபிசோட் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவுலயே முடியுது. அடுத்தது 'ஓசிமாண்டியாஸ்', எழுதினவர் மொய்ரா வாலி-பெக்கெட். அந்தச் சூட்டுல யார் சாகிறார் என்பது அவர் தனியா எடுத்த முடிவில்ல. வின்ஸ் கில்லிகன் தலைமையில எல்லாரும் ஒரே அறையில இருந்து, சம்பவத்துக்கு ஒரு அட்டை என்று எழுதி, பலகையில குத்தி, கதையை உடைச்ச பிறகுதான் ஒருத்தர் தன் எபிசோடை எழுதப் போவார்.

அந்த அறைக்கும் எல்லாம் முன்கூட்டியே தெரியாது. 2012ல ஐந்தாம் சீசன் தொடக்கத்துலயே வால்டரின் கார் டிக்கியில ஒரு மெஷின் கன்னை வச்சிட்டாங்க. அது எதுக்கு என்று அப்போ தங்களுக்கே தெரியாது என்று கில்லிகன் பிறகு சொல்லியிருக்கார். கடைசி எபிசோடுல அதுக்கு வேலை தேடிக் குடுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்ல. ஏழு பேரும் அந்தக் கடனை ஞாபகம் வச்சிருந்ததாலதான் தப்பினாங்க.

தமிழ்ல 'சுழல்' வேற வழி. 2022ல வந்த எட்டு எபிசோடையும் புஷ்கர்-காயத்ரியே எழுதினாங்க. டைரக்‌ஷனைத்தான் பிரம்மாவும் அனுசரணும் பிரிச்சுக்கிட்டாங்க. இரண்டு தலைக்குள்ள முழுக் கதையும் இருந்தா பலகை தேவைப்படாது. ஆறு தலை என்றா கட்டாயம் தேவை.

இப்ப நாங்க திரும்பத் தொடங்கியிருக்கோம். சுவர்ல ஆறு நிரல், எபிசோடுக்கு ஒன்று. குறுக்கே மூன்று வரி: வாப்பா, மகள், கடன் குடுத்த முதலாளி. மேலிருந்து கீழ வாசிச்சா ஒரு எபிசோட், இடமிருந்து வலம் வாசிச்சா ஒரு ஆளின் பயணம். குறுக்கே வாசிக்கும்போதுதான் ஓட்டை தெரியுது. மகளுக்கு மூன்றாவதுலயும் நாலாவதுலயும் ஒரு அட்டைகூட இல்ல. தறி விக்கிற அட்டையை ஐந்தாவதுக்குத் தள்ளினோம். உடனே நாலாவதுல வாப்பா நெய்யலாம், ஆனா இரண்டாவதுல முதலாளிக்குக் குடுக்கக் காசு எங்க? உம்மாவின் காப்பு போச்சு. அந்தக் காப்பு அதுக்குப் பிறகு எந்த எபிசோடுலயும் அவ கையில இருக்கக்கூடாது என்று சிவப்புல எழுதி வச்சிருக்கோம்.

யாருக்கு எந்த எபிசோட் என்று இன்னும் பிரிக்கல்ல. ஐந்தாவதை, சின்ன வயசுல வீட்டுத் தறி போனதைப் பார்த்த ஒருத்திக்குக் குடுக்கணும் என்பது என் எண்ணம். அவ இன்னும் ஓம் சொல்லல்ல.