நாலாவது மொய் நோட்டு

பாப்பா,

மொய் எழுதுவதற்கு நாலு நீள நோட்டு வாங்கி வைத்திருந்தார் உன் அப்பா. அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு மேசையில் மூன்றுதான் இருக்கும். அவர் தேடினால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாரப் பத்தியை இன்று ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை எழுத எனக்கு வராது. அதனால் இந்த நோட்டில் உனக்கு எழுதுவதையே பிரதி எடுத்து அனுப்புகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். நோட்டு மட்டும் உனக்கு.

ஓமலூர் மண்டபத்து மாடி அறையில் இருக்கிறேன். கீழே வெங்காயம் உரிக்கிறார்கள், வாசம் மேலே வருகிறது. நீ மருதாணிக் கையைத் தலையணைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிறாய். எழுப்பிச் சொல்லலாம். சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளைக்கு மொய் எழுதுகிற இடத்தைக் கவனித்துப் பார். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் எழுதுவார். ஊர், பெயர், தொகை. காடையாம்பட்டியிலிருந்து வருகிற ஐந்நூற்றியொன்றும் ஏறும், தாரமங்கலத்திலிருந்து வருகிற ஆயிரத்தொன்றும் ஏறும். என் கல்யாணத்தில் எழுதிய மொய் நோட்டு இன்னும் நம் பீரோவில் இருக்கிறது. 1997-இல் ஐம்பத்தொரு ரூபாய் வைத்தவர் யார் என்று கேட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிடலாம். அதே கல்யாணத்தில் என் கழுத்திலும் கையிலும் பதினொரு பவுன் இருந்தது. அதைப் பற்றி எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது.

அந்தப் பதினொரு பவுன் என்ன ஆனது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

கல்யாணமாகி ஒரு வாரத்தில், ‘பீரோவில பத்திரமா வெக்கிறேன் குடு’ என்று உன் அப்பாயி கேட்டார். கொடுத்தேன். அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. என் பெட்டிக்கு ஒழுங்கான பூட்டுகூட இல்லை. 2003-இல் மழையே இல்லை. கிணறு வறண்டு, மரவள்ளி காய்ந்து நின்றது. திருச்செங்கோட்டு போர் வண்டி ஒன்று நம் காட்டுக்கு வந்தது. அதற்காக ஆறு பவுனை உன் தாத்தா ஒரு வங்கியில் வைத்தார். என்னைக் கேட்டுத்தான் வைத்தார். நானும் மனசாரத்தான் சரி என்றேன். எழுநூறு அடி ஓட்டினார்கள். புழுதிதான் வந்தது.

நகைக்கடன் அவர் பேரில். அட்டை அவர் சட்டைப்பையில். வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பார். ஒரு வருஷம் கட்ட முடியவில்லை. வங்கிக்காரர்கள் நோட்டீஸ் அனுப்பினார்கள். அட்டையில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தானே அனுப்புவார்கள்? அவர் வெட்கப்பட்டுக்கொண்டு மடித்து வைத்துவிட்டார். 2006-இல் உன் மாமா கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டபோதுதான் நகை மூழ்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஏலத்தில் கடன்போக மிஞ்சிய கொஞ்சமும் அவர் கணக்கில் ஏறி, உர பாக்கிக்குப் போயிருந்தது.

அன்று ராத்திரி உன் அப்பாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் நகை எப்போது எதற்குப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிணறு வெட்ட, மாடு வாங்க, நாத்தனார் சீருக்கு. எட்டுப் பவுன். எல்லாம் வாயால்தான் சொன்னார். அவரிடமும் நோட்டு இல்லை. அதற்கப்புறம் எனக்கு அவர்மேல் கோபம் நிற்கவில்லை.

மிச்சம் அஞ்சு. இரண்டு பவுனை விற்று வீட்டுக்கு ஓடு மாற்றினோம். மூன்று பவுன் சங்கிலியை 2018-இல் உன் காலேஜ் பீஸுக்கு நானே கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தடவை கடன் என் பேரில், அட்டை என் பையில், நோட்டீஸ் வந்தால் என் போனுக்கு. 2020-இல் மீட்டேன். நாளைக்கு நீ போட்டுக்கொள்ளப் போகிற சங்கிலி அதுதான்.

இப்போது உன் கணக்கு. ஆரம் அஞ்சு பவுன், நெக்லஸ் மூன்று, வளையல் நாலும் சேர்த்து நாலு, என் சங்கிலி மூன்று, தோடும் ஜிமிக்கியும் ஒன்றரை, மோதிரம் அரை. ஆகப் பதினேழு பவுன், 136 கிராம். இந்த நோட்டின் அடுத்த பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: என்ன நகை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை, இன்றைய மதிப்பு, போட்டது யார், உனக்கு என்ன முறை. மோதிரம் உன் மாமா போட்டது. மற்றதெல்லாம் நாங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இலேயே விதி போட்டிருக்கிறார்கள். கல்யாணத்தின்போதோ முடிந்த கையோடோ, பெண்ணுக்கு வந்ததைப் பெண்ணும் மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளையும் தனித்தனியாகப் பட்டியல் எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கேட்காமல் மனசாரக் கொடுத்தது, வசதிக்கு மீறாமல் கொடுத்தது, இந்தப் பட்டியலில் ஏறியது என்றால்தான் அது வரதட்சணை ஆகாது. நான் போன கல்யாணங்களில் ஒன்றில்கூட இதை எழுதிப் பார்த்ததில்லை. ஐம்பத்தொரு ரூபாயை மட்டும் மைக்கில் சொல்லி எழுதுகிறோம்.

மாப்பிள்ளையிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், ‘நீங்க எழுதி வைங்க அத்தை, நான் கையெழுத்துப் போடறேன்’ என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் எடுத்துக்கொள்ளாதே. இப்படி ஒரு மாமியார் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தாலிக்கொடி அவர்கள் போடுவது. அதுவும் உன் சொத்துதான். அதற்கும் ஒரு வரி விட்டிருக்கிறேன், எடையைக் கேட்டு எழுதிக்கொள்.

புது நகைகளில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி பொறித்திருக்கும். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். அதையும் எழுதியிருக்கிறேன். அந்தக் குறியைப் போனில் போட்டுப் பார்த்தால் என்ன மாற்றுத் தங்கம், எங்கே சோதித்தது என்று வரும். யாருடையது என்று வராது. அதைச் சொல்வது பில்தான். கடையில் எல்லாப் பில்லையும் உன் பேரில் போடச் சொன்னபோது உன் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தாரே, அதற்குக் காரணம் இதுதான். சங்கிலி பழசு, அதில் குறியும் இல்லை, பில்லும் இல்லை. கடையில் நிறுத்து எடையைக் குறித்து, படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பின்னால் எதையாவது கொடுத்து மாற்றினால் பழைய வரியை அடித்துவிட்டுப் புதுசை எழுது. சேதாரத்தில் எவ்வளவு போனது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

போன வருஷம் தேடிப் படித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேரளத்துப் பெண். 2003-இல் கல்யாணம், நம் காட்டில் போர் போட்ட அதே வருஷம். பிறந்த வீட்டில் போட்டது 89 பவுன். முதல் ராத்திரியே கணவர் எல்லாவற்றையும் வாங்கிப் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் அம்மாவிடம் கொடுத்தார் என்பது அந்தப் பெண் சொன்னது. அவர்களுடைய பழைய கடனுக்கே அத்தனையும் போனது. குடும்ப நீதிமன்றம் 2011-இல் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றம், நகையைக் கணவரும் மாமியாரும் எடுத்துக்கொண்டதை அவர் நிரூபிக்கவில்லை என்று 2022-இல் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதைத் திருத்தி 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இருபத்தொரு வருஷம், பாப்பா. நகை அந்தப் பெண்ணுடையதா என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. ஸ்திரீதனம் புருஷன் வீட்டில் இருந்தாலும் பெண்ணுக்கே சொந்தம், வைத்திருக்கிறவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர்தான் என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது. எங்கே இருந்தது, யார் கைக்குப் போனது என்பதற்குத்தான் இத்தனை வருஷம் இழுத்தது.

அந்த 2024 தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. கஷ்ட காலத்தில் கணவர் மனைவியின் நகையை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தருகிற கடமை அவருக்கு உண்டு என்று. எனக்கு அது சரியாகப் பட்டது. கொடுக்காதே என்று நான் உனக்குச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் கழற்றிக் கொடு. முகம் சுளிக்காமல் கொடு. 2003-க்குத் திரும்பிப் போனாலும் அந்த ஆறு பவுனை நான் கொடுப்பேன். ஆனால் வங்கிக்கு நீயே போ, கடனை உன் பேரில் போடு, அட்டையில் எழுதிய எடையும் நோட்டில் உள்ள எடையும் ஒன்றா என்று பார், தேதியை எழுது, எதற்கு என்று எழுது. மீட்ட அன்று மீட்டதையும் எழுது. அவர் கண் முன்னாலேயே எழுது. ஒளித்து எழுதினால் வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

உன் அத்தை ‘பீரோவில வெக்கிறேன்’ என்று கேட்டால்? கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். நல்ல மனுஷி, பழக்கம் அப்படி. வேலைக்குப் போகிற ஊரில் உன் பேரில் லாக்கர் எடுத்திருக்கிறது என்று சொல், அது உண்மையும்கூட. தினம் போட்டுக்கொள்வதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள். வேண்டுமானால் லாக்கருக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போ. பார்த்தால் அவருக்கும் சமாதானமாக இருக்கும்.

நகை போட்டாயிற்று, பெண்ணின் கணக்கு முடிந்தது என்று நாளைக்கு யாராவது பெரியவர் சொல்வார். சிரித்துக்கொள். தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுவதற்கும் 2005-இல், பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு வந்தாயிற்று. உன் தம்பிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நான் 2004-இல் என் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பட்டுச்சேலை கிடைத்தது. நல்ல சேலை, நாளைக்குக் கட்டப் போகிறேன்.

மணி பன்னிரண்டரை. அழைப்புக்கு வந்த ஊர்க்காரர்கள் எல்லாம் படுத்துவிட்டார்கள். நாலு மணிக்கு உன்னை எழுப்புவார்கள். நோட்டு உன் பெட்டியில், பச்சைச் சேலைக்கு அடியில் இருக்கிறது. பில்களை அட்டையோடு தைத்திருக்கிறேன். பேனாவும் உள்ளே இருக்கிறது, முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் போட்டோக்காரர் விட மாட்டார்.

இடது காதுத் தோட்டில் திருகு கொஞ்சம் தளர்ச்சியாக இருக்கிறது. சாயங்காலம் இரண்டு தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். மேடை ஏறுமுன் என்னைக் கூப்பிடு, நூல் சுற்றித் திருகிவிடுகிறேன்.

அம்மா